ஐம்பத்தேழு அடிக் கயிறு

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த கையோடு அந்தத் தாள் பாண்டீஸ்வரியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தின் பெயர் அச்சடித்த தாள். நாலே வரி. 'பதினோராம் வகுப்பு பி பிரிவுக்கு இனிமேல் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை மட்டுமே நடத்துவேன் என்று உறுதி கூறுகிறேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் அவள் பெயரையும் தட்டச்சு செய்திருந்தார்கள், எழுத்துப் பிழையில்லாமல்.

கொண்டுவந்து கொடுத்தவர் சுருளியாண்டி சார். பள்ளியில் கணக்குத் துறைக்கு அவர்தான் தலைவர். ஏ பிரிவு அவருடையது, பி பிரிவு இவளுடையது.

"சனிக்கெழம பேரன்ட்ஸ் மீட்டிங் இருக்கு டீச்சர். அதுக்குள்ள போட்டுக் குடுத்துரச் சொன்னாக கரஸ்பாண்டன்ட். போடலேன்னா திங்கக்கெழமைல இருந்து வேற ஆள் பாத்துக்கிருவாகளாம்."

"நான் என்ன சார் தப்பு பண்ணிட்டேன்?"

"அக்டோபர் வந்துருச்சு. என் செக்ஷன்ல மேட்ரிக்ஸ் முடிஞ்சுது, வெக்டார் முடிஞ்சுது, கால்குலஸ்ல லாஸ்பிட்டல் ரூல் வரைக்கும் வந்தாச்சு. நீங்க இன்னும் லெவன்த் புக்கைப் பிரிச்சு வச்சுக்கிட்டு சைன் எக்ஸ் பை எக்ஸ்ல நிக்கிறீக. ஒச்சாண்டி நேரா கரஸ்பாண்டன்ட் வீட்டுக்கே போயி கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாரு. தன் பொண்ணு பின்தங்கிப் போச்சாம்."

"லெவன்த் பிள்ளைகளுக்கு லெவன்த் புக்கு நடத்துனா அது கம்ப்ளெயின்ட்டா சார்?"

சுருளியாண்டி சார் சிரித்தார். கோபப்படத் தெரியாத மனிதர். அதுதான் அவரிடம் உள்ள பெரிய சங்கடம். "லெவன்த் பரீட்சை நம்ம வைக்கிறது, நம்ம திருத்துறது. ட்வெல்த் தான் கவர்மென்ட் பரீட்சை. ரெண்டு வருஷமும் ட்வெல்த்தயே ஓட்டுனாத்தான் எறநூறுக்கு எறநூறு. ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துக்கு நீங்க ஒருத்தி மல்லுக்கு நிக்காதீக" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

பாண்டீஸ்வரி தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பேனாவைத் திறக்கவே இல்லை.

அவளுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய வடு இருந்தது. அவளும் இப்படிப்பட்ட ஒரு பள்ளியில் படித்தவள்தான். கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அந்தப் பெருமையோடு கல்லூரியில் கணக்கு இளங்கலை சேர்ந்தாள். முதல் வாரமே விரிவுரையாளர் அவளை எழுப்பி, "சைனை டிஃபரன்ஷியேட் பண்ணினா ஏன் காஸ் வருது?" என்று கேட்டார். "ஃபார்முலா சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. சிரித்த பிள்ளைகளுக்கும் பதில் தெரியாது என்பது வேறு கதை. ஆனால் நின்றுகொண்டிருந்தவள் இவள். தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக நினைத்து இரண்டு வருஷம் மார்க் வாங்கியிருக்கிறோம் என்கிற கூச்சம் அன்றைக்கு அவள் காதுமடல் வரைக்கும் சுட்டது. அன்றைக்கு வாங்கிய பழைய பதினோராம் வகுப்புப் புத்தகம் இன்னும் அவள் பீரோவில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். மாமியார் அக்கம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"கையெழுத்துத்தான ஆத்தா? போட்டுக் குடுத்துட்டு உன் இஷ்டத்துக்கு நடத்து. வகுப்புக்குள்ள வந்து யாரு எட்டிப் பாக்கப் போறாக?"

"அது பொய்க் கையெழுத்து அத்தை."

"பொய்யில்ல, சமாளிப்பு. உன் வீட்டுக்காரன் என்ட்ட தெனமும் சமாளிக்கலயா?"

வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த வேல்பாண்டி, "என்னைய ஏன் இழுக்குற?" என்றான். அவன் திராட்சைத் தோட்டக்காரன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பொண்டாட்டி பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள் என்பதை டீக்கடையில் யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிப் பெருமைப்படுவான்.

அவள் பக்கத்தில் வந்து நின்றான். "உனக்குப் போட மனசிருக்கா?"

"இல்ல மாமா."

"அப்ப விடு. வேல போச்சுன்னா வேற பள்ளிக்கூடம் இல்லாமயா போகும்?"

"வேலை போறது இருக்கட்டும். நான் சொல்றது சரின்னு அந்தக் கூட்டத்துல நிக்க வச்சுக் காட்டணும். பத்தாவது படிச்சவருக்கும் புரியுற மாதிரி."

"பத்தாவது படிச்சவன் இங்கனதான நிக்கிறேன்? மொதல்ல எனக்குக் காட்டு."

அவன் கேலிக்குத்தான் சொன்னான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போனார்கள். புதுப் பந்தல் போடுவதற்காக உழுது சமப்படுத்தியிருந்த நிலம் அது. கல்தூண் இன்னும் ஊன்றவில்லை. ஓரத்தில் ஒரு முளைக்குச்சியை அடித்து அதில் நைலான் கயிற்றைக் கட்டினாள். சரியாக ஐம்பத்தேழு அடி மூன்றரை அங்குலத்தில் முடிச்சுப் போடச் சொன்னாள்.

"அதென்ன கணக்கு? அறுபதுன்னு வச்சா சுளுவா இருக்கும்ல?"

"இந்த நீளத்துக்கு வட்டம் போட்டா, ஒரு டிகிரிக்கு வட்டத்து ஓரம் சரியா ஒரு அடி வரும். அதுக்குத்தான்."

வேல்பாண்டி கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தான். நுனியில் கட்டிய கம்பி மண்ணில் வளைந்த கோடு போட்டுக்கொண்டே வந்தது. அவன் கிளம்பிய இடத்திலிருந்து முளைக்குச்சிக்கு நேராக அவள் சுண்ணாம்புப் பொடியில் ஒரு நேர்கோடு போட்டாள். பிறகு டேப்பை எடுத்தார்கள்.

"வளைவு மேலயே முப்பது அடி அளங்க. அங்கன ஒரு குச்சி நடுங்க. இப்ப அந்தக் குச்சில இருந்து சுண்ணாம்புக் கோட்டுக்கு நேரா, குறுக்க எவ்வளவு?"

வேல்பாண்டி மண்டியிட்டு அளந்தான். "இருபத்தெட்டு அடி ஏழே முக்கால் அங்குலம்."

"வளைவு முப்பது. நேர் அளவு ஒண்ணேகால் அடிக்கு மேல கொறையுது. சரி, இப்ப வளைவு பத்து அடி."

"ஒம்பது அடி பதினொன்றரை... இல்ல, அவ்வளவு இல்ல. பத்து அடிக்கு அஞ்சு நூல் கொறச்சல்."

"இப்ப அஞ்சு அடி."

அவன் இரண்டு தடவை அளந்தான். டேப்பின் நுனியை அவளைப் பிடிக்கச் சொல்லி மூன்றாவது தடவையும் அளந்தான். தூண் ஊன்றுகிறவன் கண். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான நூலைக்கூட விட்டுக்கொடுக்காத கண்.

"ஒரு நூல்கூட வித்தியாசமில்ல புள்ள. வளைஞ்சதும் நேரும் ஒண்ணாப் போச்சு."

"ஒண்ணாகல மாமா. ஒண்ணை நெருங்குது. அந்த நேர் அளவுதான் சைன். வளைவுதான் கோணம். ரெண்டையும் வகுத்தா, கோணம் சிறுக்கச் சிறுக்க ஒண்ணை நெருங்குது. சைன் எக்ஸ் பை எக்ஸ்னா இவ்வளவுதான்."

வேல்பாண்டி முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான். கொஞ்ச நேரம் வளைவையே பார்த்தான். "இதுக்காடி சண்ட?" என்றான். "இத சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னா அந்த ஸ்கூலுக்கு எதுக்குப் பூட்டு சாவி?"

அவளுக்கு அந்த நேரத்தில் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே கயிற்றைச் சுருட்டி அவன் தோளில் மாட்டிவிட்டாள்.

சனிக்கிழமைக் கூட்டம் பத்து மணிக்கு. அறுபது எழுபது பெற்றோர் வந்திருந்தார்கள். மேடையில் கரஸ்பாண்டன்ட் ராக்கப்பன், மலைமேலே ஏலக்காய் எஸ்டேட் வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. பக்கத்தில் சுருளியாண்டி சார். கரும்பலகையை மேடைக்கே தூக்கி வைத்திருந்தார்கள். பாண்டீஸ்வரி கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பைக்குள் கயிறும் முளைக்குச்சியும் டேப்பும் கையெழுத்துப் போடாத தாளும்.

ஒச்சாண்டிதான் முதலில் எழுந்தார். மோட்டார் காயில் கட்டுகிறவர். இந்த வருஷம் கரண்ட் கட் வந்ததிலிருந்து இன்வெர்ட்டரும் விற்கிறார்.

"எனக்கு டீச்சர் மேல கோவமில்லைங்க. ஆனா என் மக கயல் சொல்றா, ஏ செக்ஷன்ல ஒரு வரில போடுற கணக்க இவுகளுக்கு ஒரு வாரமா நடத்துறாகளாம். பஸ்ஸுல ஏத்திவிட்ட பிள்ளைக்கு நடந்து வரக் கத்துக் குடுத்தா எப்புடி?"

கூட்டத்தில் சிரிப்பு. சுருளியாண்டி சார் இதற்காகவே காத்திருந்ததுபோல ஏ பிரிவிலிருந்து நதியாவை மேடைக்குக் கூப்பிட்டார். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண். ரெட்டைச் சடை, தெளிவான கையெழுத்து.

"எக்ஸ் பூஜ்யத்துக்குப் போறப்ப சைன் எக்ஸ் பை எக்ஸ். போடும்மா."

நதியா சாக்பீஸை எடுத்தாள். "பூஜ்யம் பை பூஜ்யம் வருது சார். அதனால லாஸ்பிட்டல் ரூல். மேல உள்ளத டிஃபரன்ஷியேட் பண்ணா காஸ் எக்ஸ். கீழ உள்ளதுக்கு ஒண்ணு. எக்ஸுக்குப் பூஜ்யம் போட்டா காஸ் பூஜ்யம், அது ஒண்ணு. ஆன்சர் ஒண்ணு."

கைதட்டல் எழுந்தது. பத்து விநாடிகூட ஆகவில்லை. சுருளியாண்டி சார் பாண்டீஸ்வரியைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தார்.

பாண்டீஸ்வரி எழுந்து மேடைக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை.

"நதியா, ரொம்ப நல்லாப் போட்ட. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். சைனை டிஃபரன்ஷியேட் பண்ணா காஸ் வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஃபார்முலா ஷீட்ல இருக்கு மிஸ்."

"ஷீட்டை மழையில விட்டுட்ட. எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. டெரிவேட்டிவ்னா என்னங்கிறது மட்டும் ஞாபகம் இருக்கு. இப்ப நீயே கண்டுபிடி."

நதியா திரும்பி சுருளியாண்டி சாரின் முகத்தைப் பார்த்தாள். அவர் 'போடு' என்பதுபோலத் தலையசைத்தார். கெட்டிக்காரப் பெண், தயங்காமல் எழுதினாள். எக்ஸோடு ஒரு சின்ன ஹெச் கூட்டி, அதன் சைனிலிருந்து பழைய சைனைக் கழித்து, ஹெச்சால் வகுத்தாள். இரண்டு சைன்களின் வித்தியாசத்தைப் பெருக்கலாக மாற்றுகிற வாய்பாடு அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் பலகையில் இப்படி வந்து நின்றது:

cos (x + h/2) × sin (h/2) ÷ (h/2)

"ஹெச் பூஜ்யத்துக்குப் போனா மொதல் பாகம் காஸ் எக்ஸ் ஆயிரும் மிஸ். ரெண்டாவது பாகம் பூஜ்யம் பை பூஜ்யம். அதுக்கு லாஸ்பிட்டல் ரூல் போட்டா..."

சாக்பீஸ் பலகையில் தொட்டபடி நின்றுவிட்டது.

அவள் மேலே எழுதிய வரியைப் பார்த்தாள், கீழே எழுதியதைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "மிஸ், இந்த ரூலைப் போடணும்னா சைனோட டெரிவேட்டிவ் தெரியணும். அதத்தான நான் இப்பக் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கேன்? சுத்திச் சுத்தி கெளம்புன எடத்துக்கே வந்துட்டேன்."

அரங்கில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. ஆனால் ஏதோ ஒன்று நின்றுபோனது எல்லாருக்கும் தெரிந்தது. ஒச்சாண்டி பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ப பஸ்ஸு போகலயா?" என்று கேட்டார்.

"போகல" என்றாள் பாண்டீஸ்வரி மேடையிலிருந்தே. "எஞ்சினைக் கழட்டி வெளிய வச்சுட்டு உள்ள உக்காந்துருக்கோம். நதியா மேல தப்பில்ல. அந்த லிமிட் ஒண்ணுங்கிறத வேற வழியில காட்டிட்டாத்தான் சைனுக்கு டெரிவேட்டிவே கெடைக்கும். அந்த வழி லெவன்த் புக்குலதான் இருக்கு. அதத்தான் நான் ஒரு வாரமா நடத்துனேன்."

கரஸ்பாண்டன்ட் தொண்டையைச் செருமினார். அவரும் பழைய பி.எஸ்சி. "டீச்சர், அந்த லிமிட் ஒண்ணுங்கிறதே எனக்குச் சந்தேகமா இருக்கே. நாங்க அந்தக் காலத்துல டேபிள் புக்கு பாத்துப் போட்டவுக. கொண்டாங்க அத." யாரோ கணித அட்டவணைப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடியை இறக்கி விரலை ஓட்டினார். "சைன் ஒண்ணு, புள்ளி பூஜ்யம் ஒண்ணு ஏழு அஞ்சு. அத ஒண்ணால வகுத்தா அதேதான். சைன் அரை, புள்ளி பூஜ்யம் பூஜ்யம் எட்டு ஏழு. அரையால வகுத்தா புள்ளி பூஜ்யம் ஒண்ணு ஏழு நாலு. ஒண்ணு எங்க இருக்கு? ஒண்ணுக்குப் பக்கத்துல கூட வரலையே?"

இதற்குப் பதில் சுருளியாண்டி சாருக்குத் தெரியும். அது பாண்டீஸ்வரிக்கும் தெரியும். ஆனால் அவர் சன்னல் பக்கம் திரும்பி வெளியே வேப்பமரத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

அவள் வாயைத் திறக்கவும் மின்விசிறிகள் நிற்கவும் சரியாக இருந்தது. மைக்கும் போயிற்று. பதினொரு மணி கரண்ட் கட்.

"நம்மகிட்ட சொல்லியிருந்தா ஒரு இன்வெர்ட்டர் மாட்டியிருக்கலாம்ல" என்றார் ஒச்சாண்டி சத்தமாக.

புழுக்கத்தில் கூட்டம் நெளிந்தது. "எல்லாரும் கிரவுண்டுக்கு வாங்க" என்றாள் பாண்டீஸ்வரி. "ஐயா கேட்டதுக்குப் பதில் அங்கனதான் இருக்கு." கரஸ்பாண்டன்ட் அனுமதி கொடுப்பதற்குள் முன்வரிசை எழுந்துவிட்டது. வெளியே காற்று இருந்ததுதான் காரணம்; கணக்கின் மேல் ஆசை என்று சொல்ல முடியாது.

வேப்பமரத்தடியில் முளைக்குச்சி அடித்தாள். கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்ற வேல்பாண்டி உள்ளே வரப் பார்த்தான். 'வேண்டாம்' என்று கண்ணாலேயே நிறுத்தினாள். கயிற்றின் நுனியைக் கயலிடம் கொடுத்தாள். கயல் இழுத்துக்கொண்டு ஓட, மண்ணில் பெரிய வளைவு விழுந்தது.

"ஐயா, இந்தக் கயிறு ஐம்பத்தேழு அடி மூன்றரை அங்குலம். இதுல ஒரு டிகிரிக்கு வளைவு ஒரு அடி. நீங்க பாத்த டேபிள் டிகிரில போட்டது. ஒரு வட்டத்தை முந்நூத்தி அறுபதா வெட்டணும்னு மனுசன்தான முடிவு பண்ணான்? முந்நூறா வெட்டியிருந்தா உங்க பதிலும் மாறிப் போயிருக்கும். ஆனா வட்டத்துக்குச் சொந்தமா ஒரு அளவு இருக்கு. அதோட ஆரம். இந்தக் கயித்தையே வளைவு மேல படுக்க வச்சா எவ்வளவு கோணம் வருதோ, அது ஒரு ரேடியன். அப்படி அளந்தா ஒரு டிகிரிங்கிறது எவ்வளவு தெரியுமா? ஒரு அடியை ஐம்பத்தேழேகால் அடியால வகுங்க."

கயல் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். "புள்ளி பூஜ்யம் ஒண்ணு ஏழு அஞ்சு மிஸ்."

"ஐயா டேபிள்ல பாத்த சைன் ஒண்ணு?"

கரஸ்பாண்டன்ட் கண்ணாடியைக் கழற்றினார். "அதேதான்" என்றார் மெதுவாக. "ரெண்டும் ஒண்ணு. வகுத்தா..."

"ஒண்ணு" என்று கூட்டத்தில் யாரோ முடித்தார்கள்.

பிறகு டேப்பை விரித்தார்கள். வளைவு முப்பது அடிக்கு நேர் அளவு எவ்வளவு, பத்துக்கு எவ்வளவு, ஐந்துக்கு எவ்வளவு என்று ஒச்சாண்டியே குனிந்து அளந்தார். ஐந்து அடிக்கு வந்தபோது, "ஒரு நூல்கூட இல்லப்பா" என்று அவரும் சொன்னார். கேட்டுக்கு வெளியே ஒருவன் சிரித்தது அவளுக்கு மட்டும் கேட்டது.

"அளந்து பாத்தா நம்பிக்கை வரும்" என்றாள் பாண்டீஸ்வரி. "ஆனா அளக்குறது நிரூபணம் ஆகாது. இதுக்கும் சின்னக் கோணத்துல டேப்பு தோத்துப் போயிரும். கயல், அந்த மூணு பரப்பை வரை."

கயல் குச்சியால் மண்ணில் சின்னதாக ஒரு படம் வரைந்தாள். ஆரம் ஒன்று உள்ள வட்டத்தின் ஒரு துண்டு. அதற்குள்ளே அடங்கின ஒரு முக்கோணம். அதை வெளியே சூழ்ந்தபடி, தொடுகோடு வரைக்கும் போகிற ஒரு பெரிய முக்கோணம். அப்பா பார்க்கிறார் என்பதால் கொஞ்சம் வேகமாகவே சொன்னாள்.

"உள்ள இருக்குற முக்கோணம் சின்னது. அதோட பரப்பு சைன் எக்ஸ்ல பாதி. வட்டத் துண்டு அதைவிடப் பெருசு, எக்ஸ்ல பாதி. வெளி முக்கோணம் அதையும்விடப் பெருசு, டேன் எக்ஸ்ல பாதி. அதனால சைன் எக்ஸைவிட எக்ஸ் பெருசு, எக்ஸைவிட டேன் எக்ஸ் பெருசு. எல்லாத்தையும் சைன் எக்ஸால வகுத்துத் தலைகீழாப் போட்டா, சைன் எக்ஸ் பை எக்ஸ் ஒண்ணைவிடச் சின்னது, காஸ் எக்ஸைவிடப் பெருசு. கோணம் பூஜ்யத்துக்குப் போறப்ப காஸ் எக்ஸும் ஒண்ணுக்குப் போகுது. நடுவுல மாட்டுனது வேற எங்க போகும்? அதுவும் ஒண்ணுதான். எக்ஸ் மைனஸா இருந்தாலும் அதே மதிப்புத்தான், ஏன்னா மேலயும் கீழயும் ரெண்டும் மைனஸ் ஆயிரும்."

"இதுல எங்கயாச்சும் டிஃபரன்ஷியேட் பண்ணுனாளா?" என்று கேட்டாள் பாண்டீஸ்வரி.

"இல்ல மிஸ்" என்றாள் நதியா. யாரும் சொல்லாமலே கயலின் குச்சியை வாங்கினாள். மண்ணிலேயே தன்னுடைய பாதியில் நின்ற வரியை எழுதினாள். இரண்டாவது பாகத்தின் மேல் 'ஒன்று' என்று போட்டாள். மிச்சம் நின்றது காஸ் எக்ஸ். "வந்துருச்சு!" என்றாள், பலகையில் போட்டதைவிடச் சத்தமாக.

கைதட்டல் இல்லை. ஆனால் பிள்ளைகள் படத்தைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஏ பிரிவுப் பிள்ளைகளும்தான்.

கரஸ்பாண்டன்ட் வேப்பமரத்து நிழலில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். சுருளியாண்டி சாரும் கூட வந்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். நான் மறுக்கல. ஆனா நியூஸ் பேப்பர்ல போடுறது மார்க்கத்தான். ஒரு தடவ காட்டிட்டீகல்ல, போதும். தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நடந்தத மறந்துருவோம்."

"ஐயா, எனக்கு இன்னும் ஒண்ணர வருஷம் இருக்கு. லெவன்த்த முடிச்சுட்டு ட்வெல்த்துக்குப் போனாலும் நேரம் மிச்சம் இருக்கும். அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்ச பிள்ளைக்கு மார்க் கொறையும்னு யாரு சொன்னா?"

"அது என் பள்ளிக்கூடம். நான் சொல்றேன்."

"உங்க பள்ளிக்கூடந்தான். ஆனா வகுப்புல நின்னு 'ஏன் மிஸ்?'னு கேக்குற பிள்ளைக்கு முன்னால நிக்கிறது நான்."

பையிலிருந்து தாளை எடுத்தாள். அடிமரத்தில் வைத்து, தட்டச்சான வரிகளின் குறுக்கே ஒரே கோடு கிழித்தாள். அதற்குக் கீழே தன் கையால் எழுதினாள்: 'பதினோராம் வகுப்புப் பாடத்தை முழுதாக நடத்திய பிறகே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குப் போவேன் என்று உறுதி கூறுகிறேன்.' அடியில் கையெழுத்தும் போட்டாள். 'பா'வை நன்றாகச் சுழித்து.

"கையெழுத்துக் கேட்டீக. போட்டுட்டேன். வேற ஆள் பாக்குறதுன்னா திங்கக்கெழம மொத பீரியடுக்கு முன்னாடியே சொல்லிருங்க ஐயா. பிள்ளைக காத்துக்கிட்டு உக்காந்துருக்கக் கூடாது."

ராக்கப்பன் தாளை வாங்கிப் படித்தார். முகம் சிவந்தது. என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் ஒச்சாண்டி வந்துவிட்டார். கையில் இன்னும் டேப் இருந்தது.

"ஐயா, நான் குடுத்த கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்கிக்கிறேன். நான் விக்கிற இன்வெர்ட்டர் பெட்டில 'சைன் வேவ்'னு எழுதியிருக்கு. வாங்குறவுக என்னன்னு கேட்டா நானும் பேந்தப் பேந்த முழிக்கிறேன். என் மக இன்னைக்கு என்னைய நிக்க வச்சுப் பாடம் நடத்திட்டா. அவ இந்த டீச்சர்ட்டயே படிக்கட்டும். டீச்சர மாத்துனா நானும் பிள்ளைய மாத்தவேண்டி வரும், பாத்துக்கங்க."

"காலையில வேற மாதிரி சொன்னீரு!"

"காலையில எனக்கு அளக்கத் தெரியாதுங்க."

ராக்கப்பன் ஒச்சாண்டியைப் பார்த்தார், மரத்தடியில் கூடியிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். தாளை மடித்துப் பேனாக்களுக்குப் பின்னால் சட்டைப்பையில் வைத்தார். "ட்வெல்த் ரிசல்ட் வரட்டும் டீச்சர். ஒரு மார்க் கொறஞ்சாலும் உங்கட்டத்தான் கேப்பேன்."

"கேளுங்க ஐயா. பதில் சொல்றதுக்குத்தான நான் இருக்கேன்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் போனார். சுருளியாண்டி சார் மட்டும் போகவில்லை. காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"டேபிள் விஷயத்துல நான் வாயத் தொறந்திருக்கணும் டீச்சர்" என்றார் கடைசியில்.

"ஆமா சார். தொறந்திருக்கணும்."

அவர் அந்த அடியை வாங்கிக்கொண்டார். "என் செக்ஷன் பிள்ளைக இப்ப என்னைய விடாது. நதியாவே போதும். எனக்கும் இதெல்லாம் நடத்தத் தெரியும், பி.எட்.ல நடத்திக் காட்டி மார்க் வாங்கியிருக்கேன். அந்தக் கயித்த மட்டும் திங்கக்கெழம குடுத்துட்டுப் போங்க."

திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு முன்னால் யாரும் எதுவும் சொல்லவில்லை. பாண்டீஸ்வரி பதினோராம் வகுப்பு பி பிரிவுக்குள் போனாள். பலகையைத் துடைத்தாள். காஸ் எக்ஸோடு ஹெச் கூட்டி எழுதத் தொடங்கினாள். அதே வழி, அதே லிமிட். கடைசியில் மட்டும் சைன் எக்ஸுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து நின்றது.

"மிஸ்" என்று எழுந்தாள் கயல், "சைனுக்கு ப்ளஸ், காஸுக்கு மட்டும் ஏன் மைனஸ்?"

"நல்லாக் கேட்ட. வட்டத்துல மேல ஏறுற ஆளைப் பாரு. ஒசரம் கூடக் கூட பக்கவாட்டுத் தூரம் கொறஞ்சுக்கிட்டே வருதா இல்லையா?" என்று சாக்பீஸை எடுத்தவள், வெளியே கிரவுண்டிலிருந்து வந்த சத்தத்தில் நின்றாள். "ஏலே, கயித்த இழுத்துப் பிடி! தொங்குனா அது ஆரமா?" என்று சுருளியாண்டி சார் கத்திக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் வேல்பாண்டி தோட்டத்துக்குக் கிளம்பும்போது கேட்டான். "புதுப் பந்தலுக்குக் கோடு போடணும். கயிறு எங்க புள்ள?"

"ஸ்கூல்ல இருக்கு மாமா. இப்போதைக்கு வராது. வேற வாங்கிக்கங்க."